முடிக்கத் தெரியாத விரதம்

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் நான் கட்டியதைக் கேளுங்கள். செம்பனை எண்ணெய் ஆலை தூக்கிப் போட்ட குழாய்களை வெட்டி ஒட்டி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் எடை தூக்கப் படுக்கும் பலகை ஒன்று செய்தேன். பால்மாவு டின்னில் சிமெண்டைக் கொட்டி எடைக்கட்டி செய்தேன். தோட்டத்தில் எங்களை மேய்க்கும் மண்டோர் வந்து பார்த்துவிட்டு, "இதத் தூக்கி யாரை அடிக்கப் போற?" என்று கேட்டார். பதினோரு பேர் வந்து தூக்கினார்கள். அப்புறம் கோலா சிலாங்கூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஜிம் திறந்தேன். மேலிருந்து கம்பியை இழுக்கும் இயந்திரத்தை நானே வெல்டிங் செய்தேன். இன்றைக்கும் அது கிறீச்சிடாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்தது இரண்டு முறை உடைந்துவிட்டது. நம் பெண்பிள்ளைகளை யார் ஜிம்முக்கு அனுப்புவார்கள் என்று சிரித்தார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பெண்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதினேன். இன்று அந்த நேரத்தில் செருப்பு வைக்க இடமில்லை. இத்தனையும் என் கையால் நடந்தது.

சுவரிலும் என் கையால்தான் எழுதினேன். சிவப்புப் பெயிண்டில் மூன்று வரி.

வெள்ளையாக இருப்பதெல்லாம் விஷம்: சீனி, சோறு, மாவு.
ஆறு மணிக்கு மேல் வாய்க்குப் பூட்டு.
தப்பாகச் சாப்பிட்டால் ஓடிக் கழி.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அங்கே இங்கே கேட்டதை வைத்து நானே யோசித்து எழுதியது. கேட்பதற்கு நன்றாக இருந்தது. படித்துவிட்டுப் பயந்துபோய் ஒழுங்காக வந்தார்கள். நானோ வகுப்பை முடித்துவிட்டுக் கீழே இறங்கி, பக்கத்துக் கடையில் மைதா மாவில் சுட்ட ரொட்டி சானாய் இரண்டு, சீனி போட்டு ஆற்றிய தே தாரிக் ஒன்று. எங்களிடம் வரும் லோரிக்காரர் ஒருவர், வாய் சும்மா இருக்காதவர், ஒரு நாள் கடையில் என்னைப் பிடித்துவிட்டார். "மாஸ்டர், இது வெள்ளையா இல்லையா?" என்று ரொட்டியைக் காட்டினார். "அது பழுப்பு லா. நல்லா முறுக விட்டிருக்கான்" என்றேன். இருவரும் சிரித்தோம். வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த வரிகளை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வாசிப்பார்கள், சிரிப்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவார்கள்.

ஒருத்தி மட்டும் அப்படியே நம்பினாள். என் மகள்.

ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, பெண்கள் வகுப்பை அவளே நடத்த ஆரம்பித்தாள். இருபத்தேழு வயது. அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதம் இருந்தாள். மரக்கறி, அதுவும் ஒரு வேளை. உடம்பு இளைத்தது. பால்குடம் எடுத்து முடித்துவிட்டு வகுப்புக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். "டீச்சர், எப்படி? எங்களுக்கும் சொல்லுங்க" என்று சூழ்ந்துகொண்டார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக அச்சடித்து மாடிப்படியில் மாட்டினேன். அந்த மாதம் இருபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவளும் அடுத்து இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஓடப்போவதாகச் சொல்லிப் பயிற்சியைத் தொடங்கினாள்.

விரதம் முடிந்தால் மறுநாள் வீட்டில் கறிக்குழம்பு வைப்பது எங்கள் வழக்கம். என் மனைவி ஆட்டுக்கறி வாங்கி வைத்திருந்தாள். மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "இப்பதாம்மா உடம்பு சுத்தமா இருக்கு. கெடுத்துக்க வேணாம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியைத்தான் திட்டினேன்: "கட்டுப்பாடுன்னா என்னான்னு உனக்குத் தெரியுமா?"

முதலில் சீனி போனது. பிறகு சோறு. அப்புறம் எண்ணெய், பால், தேங்காய்ப்பால். பழத்தில் வாழைப்பழமும் மாம்பழமும் போயின. மறுபடியும் கோழி சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் நெஞ்சுக்கறி மட்டும், உப்பில்லாமல் அவித்தது. அடுப்படியில் சின்னத் தராசு ஒன்று வந்தது. கீரையைக்கூட எடை போட்டாள். எடை போட்டபின் எத்தனை கலோரி என்று போனில் எழுதினாள். எழுதாமல் ஒரு வாய் போகாது. எண் நிறைந்துவிட்டால் அன்றைக்கு அத்துடன் சரி. சாப்பாட்டு நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் முகம் கறுத்துவிடும். நாங்கள் மூவர் உள்ள வீடு. அந்தத் தராசைச் சுற்றித்தான் மூவரும் நடந்தோம். வெளியே சாப்பிடப் போவது நின்றது. விருந்தாளி வருவது நின்றது. மனைவி வெங்காயம் தாளித்தால்கூட "வாசத்துலயே எண்ணெய் இருக்கு" என்று மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் மகள் வகுப்புக்குக் கிளம்பிய பிறகுதான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவி தாளித்தாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி.

ஒரு நாள் அந்தத் தாய் வேறு ஒன்று செய்தாள். மகளுக்காகத் தனியாக வைக்கும் பருப்பில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலைக் கலந்துவிட்டாள். பிள்ளை உடம்பில் ஏதாவது ஒட்டட்டும் என்றுதான். மகள் ஒரு வாய் வைத்தாள். அப்படியே எழுந்து நின்றாள். கத்தவில்லை. "இனிமே எனக்கு நீங்க எதுவும் சமைக்காதீங்கம்மா" என்றாள். அன்றிலிருந்து தாய் தொட்ட பாத்திரத்தைத் தொடவில்லை. அன்று மாலை ஓடும் இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடினாள். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லி நிறுத்துவது? அவள் முகத்துக்கு நேரே சுவரில் என் எழுத்து இருந்தது.

ராசா என்ற ஊரில் மனைவியின் அண்ணன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் மகளின் அத்தை இலையைப் போட்டு அதட்டினார். "என்னாடி, காத்தடிச்சா பறந்துடுவ போல! உக்காரு. பிரியாணி வைக்கிறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அவ விரதம்."

"கல்யாணத்துலயுமா? எந்தச் சாமிக்கு?"

"பெரிய வேண்டுதல்."

அத்தை உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு இலையை எடுத்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் அந்த ஒரு சொல் போதும். விரதம் என்றவளை யாரும் வற்புறுத்த மாட்டார்கள், பாவம் சேரும். நோய் என்றால் ஆயிரம் கேள்வி வரும். விரதம் என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அரை மணி நேரம் கழித்து மகள் காருக்குப் போனாள். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். வீட்டிலேயே எடை போட்டு வைத்த கோழி. விரதக்காரி கோழி தின்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் கார் கதவை மறைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை. இதில் நானும் கூட்டாளி என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் அடுத்த மாதம் இரண்டு விசேஷங்களில் அதே சொல்லைச் சொன்னேன்.

அதற்குள் வேறு விஷயங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் முடி அடைத்தது. கோலா சிலாங்கூர் வெயிலில் அவள் கம்பளிச் சட்டை போட்டாள். கையில் கட்டிய கடிகாரம் நாடித்துடிப்பு நாற்பத்திரண்டு என்று காட்டியது. நான் அதை ஊரெல்லாம் காட்டினேன். "குதிரை நெஞ்சு லா என் மகளுக்கு" என்றேன். லோரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், புள்ள முன்ன பேசும், சிரிக்கும். இப்ப நம்ம எடைய மட்டும்தான் கேக்குது" என்றார். அவர் வாயை அடைத்து அனுப்பினேன்.

ஒரு காலையில் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு மாசமா அவளுக்குத் தூரம் வரல."

"பொம்பளைங்க விசயத்த எங்கிட்ட ஏன் சொல்ற?"

"பின்ன யார்கிட்ட சொல்றது? ஜிம்முக்காரர் நீங்கதானே. ஒடம்பப் பத்தி எல்லாம் தெரியும்னு சொல்லிக்கிறீங்கல்ல? இதுக்குப் பதில் சொல்லுங்க."

நான் இரும்பை அறிந்தவன். வளைந்தால் எங்கே பிடித்து நிமிர்த்துவது என்று தெரியும். இது எங்கே வளைந்தது என்றே தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மகளும் நானும் கோவிலுக்குப் போனோம். பூசாரி எல்லோர் கையிலும் பஞ்சாமிர்தம் வைத்தார். நான் நக்கிவிட்டுக் கையைக் கழுவினேன். திரும்பக் காரில் ஏறியபோது, அவள் பக்கத்துக் கதவின் பையில் டிஷ்யூ ஒன்று ஈரமாகச் சுருட்டிக் கிடந்தது. பிரித்தேன்.

"இது என்னா?"

"பஞ்சாமிர்தம்."

"எறும்புக்கா எடுத்து வச்சிருக்க?"

கோவில் வாசலிலேயே வண்டியை நிறுத்தி வைத்தேன்.

"சாமி குடுத்தத வேணாம்னு சொல்ற விரதத்த நான் கேள்விப்பட்டதே இல்லம்மா. விரதத்த முடிக்கிறப்ப முதல்ல வாயில போடுறதே இதத்தானே?"

"எவ்வளவு இருக்குன்னு தெரியாதுப்பா. பழம் எத்தனை, சீனி எவ்வளவு, நெய் ஊத்தினாங்களா, ஒன்னும் தெரியாது. போன்ல எப்படிப் போடுறது?"

"போடாட்டி போவுது லா."

"போடாட்டி அந்த நாளே கெட்டுப்போச்சு. அப்புறம் ஓடணும்."

"காலு வலிக்குதுன்னியே?"

"வலிச்சாலும் ஓடணும். நீங்கதானே எழுதியிருக்கீங்க."

என் வாயில் இன்னும் பஞ்சாமிர்தம் இனித்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். படித்தவர் யாரும் கேட்காத கேள்வி அது, நான் கேட்டேன்.

"இந்த விரதம் எப்ப முடியும்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிக்கத் தெரியலப்பா. முடிக்கணும்னு நெனச்சாலே பயமா இருக்கு. நெதமும் எந்திரிக்கிறப்பவே அதான் நெனப்பு. தூங்குறப்பவும் அதான். வெளிய வர்றதுக்கு வழி தெரியல."

அது விரதமே இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன். விரதத்துக்கு ஒரு நாள் உண்டு, ஒரு சாமி உண்டு, முடிவு உண்டு. இதற்கு மூன்றும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அதை எங்கள் வீட்டில் முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான்.

சொல்லிவிட்டு என்ன செய்தேன்? இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. கிளினிக்குக்குக் கூப்பிட்டால் "எனக்கென்ன நோய்? ஜங்ஷன் கடையில எண்ணெயில முக்கித் தின்கிறவங்கள முதல்ல கூட்டிட்டுப் போங்க" என்பாள். அதட்டினால் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். கெஞ்சினால் இன்னும் கொஞ்சம் ஓடினாள். மாடிப்படியில் அவள் படம். அதைப் பார்த்துச் சேர்ந்த பெண்கள் மேலே. டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்களிடம் என்ன சொல்வது? அவள் விதிகளுக்குள் மாட்டிக்கொண்டாள். நான் என் ஜிம்முக்குள் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் கால்தான் கூட்டிக்கொண்டு போனது. ஒரு காலையில் படி இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, காலைச் சரிபண்ணித் தந்தால் போதும் என்று ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில் கெண்டைக்கால் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. மலாய் டாக்டரம்மா காலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டார். மாதவிடாய், தூக்கம், குளிர், முடி, சாப்பாடு. நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். நான் கடிகாரத்தைக் காட்டி, ஓடுகிறவள், அதனால்தான் நாற்பத்திரண்டு என்றேன். அவர் தலையாட்டவில்லை. இது பலமான நெஞ்சின் துடிப்பில்லை, தீனி இல்லாமல் உடம்பு மிச்சம் பிடிக்கிற துடிப்பு என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். சாப்பாடு பற்றாமல்தான் மாதவிடாயும் நின்றது, எலும்பும் கீறியது. ரத்தப் பரிசோதனை கிட்டத்தட்டச் சரியாகத்தான் வந்தது. அதை வைத்து ஏமாறக் கூடாது என்றும் சொன்னார்.

பிறகு டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். நம் தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். உள்ளே என்னையும் உட்காரச் சொன்னார். தராசு, பட்டியல் எதையும் எடுக்கவில்லை. வெறும் கேள்விகள்.

"ஒரு வாரம் போன வீட்டுல வச்சிட்டுச் சாப்பிடச் சொன்னா முடியுமா?"

"முடியாது."

"பிளான்ல இல்லாதத ஒரு வாய் சாப்பிட்டுட்டா?"

"அசிங்கமா இருக்கும். நான் கெட்டவ மாதிரி. ஓடித்தான் சரிபண்ணணும்."

"கூட்டாளிங்களோட கடைசியா எப்ப வெளிய சாப்பிட்டீங்க?"

மகள் யோசித்தாள். அழுதாள். அந்தப் பெண் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், கீரை சாப்பிடுறது தப்பில்ல. எழுதி வைக்கிறதும் எல்லாருக்கும் தப்பில்ல. வேற மாதிரி சாப்பிட முடியுமா, முடியாதா, அதப் பாக்கணும். விதி அவங்க கையில இருந்தா சரி. அவங்க விதி கையில போயிட்டா இப்படித்தான். உடம்பு குச்சியாத்தான் இருக்கணும்னு இல்ல, நல்ல கட்டுமஸ்தா இருக்கிற ஆம்பளைக்கும் இது வரும். ஆமா, ஓடிக் கழிக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா செவுத்துல எழுதியிருக்காரு."

அந்த நாற்காலிக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மேசை. எழுந்து போக வழியில்லை. என் வாழ்க்கையில் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி முன்னால், போலீஸ் முன்னால், வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயும் நான் தலை குனிந்ததில்லை. அங்கே குனிந்தேன்.

மனைவி தேங்காய்ப்பால் கலந்ததையும் சொன்னேன். ஒளித்துக் கொடுக்கவே கூடாது என்றார் அவர். நம்பிக்கை போய்விட்டால் இருக்கிற சாப்பாடும் போகும். மனநல டாக்டருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஓட்டம் கிடையாது, வகுப்பும் கொஞ்ச காலம் கிடையாது.

மறுநாள் பெண்கள் வருவதற்குள் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து சுவரில் அடித்தேன். சிவப்பு லேசில் மறையவில்லை, மூன்று கோட் அடித்தேன். படத்தையும் இறக்கினேன். லோரிக்காரர் வந்து வெற்றுச் சுவரைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், ரொட்டிக்கு விடுதலையா?"

"வாய மூடிக்கிட்டு எடையத் தூக்குய்யா."

பெண்களிடம் உள்ளதைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். "ரூல்ஸ் இல்லாட்டி நாங்க எதுக்கு வரணும்?" என்று கேட்டு நாலு பேர் வேறு ஜிம்முக்குப் போனார்கள். ஆனால் ஒருத்தி, அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பவள், எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு, "அங்கிள், டீச்சருக்கு எப்பத் தூரம் நின்னுச்சு?" என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே புரிந்தது. அதே டயட்டீஷியனிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எனக்குக் கண்ணில் படுகிறது. பிறந்தநாள் கேக் வந்தால் கழிப்பறைக்குப் போகிறவன். மழையில் ஜிம் மூடினால் நடுங்குகிறவள். காய்ச்சலோடு வந்து நிற்கிறவன். அவர்களை எடை மெஷின் பக்கம் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறேன்.

என் மகளுக்குச் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் கிளினிக்கில் எண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு எடை மெஷினில் ஏறுகிறாள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். போன வாரம் தாய் சுட்ட தோசையில் பாதியை நிறுக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்தால் ஓடிவிடுவோம் என்று. தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த ஒரு மணி நேரத்தைப் போல நீளமான நேரத்தை நான் எந்த ஆலை ஷிப்டிலும் பார்த்ததில்லை. சில நாள் என் மேல் கோபம். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க" என்கிறாள். சொன்னதுதான்.

இப்போது அந்த டயட்டீஷியனும் என் மகளும் சேர்ந்து, இந்த வட்டாரத்து ஜிம்களுக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரித்திருக்கிறார்கள். எதையெதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. நல்ல தாள். ஜிம் சார்பில் அதில் என் கையெழுத்தும் வேண்டுமாம். அடியில் நன்றி சொல்லியிருக்கிறார்கள்: டாக்டருக்கு, கிளினிக்குக்கு, "ஒத்துழைத்த உடற்பயிற்சி நிலையத்துக்கு". நிலையத்துக்காம். நிலையம் என்ன தானாக எழுந்து நின்று ஒத்துழைத்ததா?

நான் மகளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். அந்தத் தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஓடிக் கழி என்று எழுதி வைத்தவன் இவளுடைய அப்பா. ஊராரிடம் விரதம் என்று சொல்லி மூடி மறைத்தவனும் அவன். இது விரதம் இல்லை என்று முதலில் சொன்னவனும் அவன். மூன்றையும் போடுங்கள், ஒன்றைக்கூட விடக் கூடாது. நல்லதை மட்டும் போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், கெட்டதை மட்டும் போட்டாலும் போட மாட்டேன். என் பங்கை முழுசாக எழுதுங்கள்.